எளையராஜா

மாமாவின் ஹார்ட் டிஸ்கில் 41,316 பாட்டுகள் இருக்கின்றன. அதில் இளையராஜா என்கிற ஒரே மனிதர் முப்பத்தேழு பெயர்களில் இருந்தார். மேலே வந்த எட்டு மட்டும் இங்கே:

```
Elayaraja             9412
Ilayaraja             3105
Ilaiyaraja             688
Illayaraja             541
Ilaiyaraaja            397
Ilaya Raja             126
Isaignani Ilayaraja     58
Raja                    44
```

இதற்குக் கீழே இன்னும் இருபத்தொன்பது. நாலு பாட்டு, ரெண்டு பாட்டு என்று பெரும்பாலானவற்றில் ஒட்டிக்கொண்டிருந்தவை.

மாமாவுக்குப் புது ஃபோன் வாங்கி, எல்லாப் பாட்டையும் பெரிய மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்த பிறகுதான் இது பிரச்சினையானது. அதுவரை அவர் கணினியில் ஃபோல்டரைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஃபோல்டர் அவருக்குத் தெரியும், எந்தப் படம் எங்கே என்று கை தானாகப் போகும். ஃபோனில் இருக்கிற பிளேயருக்கு ஃபோல்டர் பற்றிக் கவலை கிடையாது. அது ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் இருக்கும் டேகைப் படித்து, ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று ஒரு பட்டியல் போட்டுக் காட்டுகிறது. மாமா அதில் ராஜாவைத் தொட்டு ஷஃபிள் போட்டால், தொட்ட எழுத்துக்கூட்டலில் இருக்கும் பாட்டுகள் மட்டும் வருகின்றன. மற்றவை வேறு யாரோ ஆட்களுடையவை என்று பிளேயர் நினைத்துக்கொள்கிறது.

“ராஜா பாட்டப் போடுன்னா பாதிதான் வருது மாப்ள. மீதி எங்க போச்சு?”

மீதி எங்கேயும் போகவில்லை. E-யில் நிறைய, I-யில் கொஞ்சம், R-இல் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தது. ஒரு எம்பி3 ஃபைலுக்குள் மனிதர் கிடையாது, எழுத்துகள் மட்டும்தான் உண்டு. மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு கலைஞருக்கும் ஒரு அடையாள எண் இருக்கும். அந்த எண்ணுக்குக் கீழே எத்தனை எழுத்துக்கூட்டல்களை வேண்டுமானாலும் மாற்றுப் பெயர்களாக வைத்துக்கொள்ளலாம், எல்லாம் ஒரே ஆள்தான். ஃபைலில் அந்த வசதியை யாராவது எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. மாமாவின் ஃபைல்களில் இல்லை. ஓர் எழுத்து மாறினால் அங்கே இன்னொரு ஆள் பிறந்துவிடுகிறார்.

முதலில் பலரும் சொன்னது, “பிக்கார்டில் போட்டு விடு, அதுவே பார்த்துக்கும்” என்பதுதான். பிக்கார்டு என்பது மியூசிக்பிரெய்ன்ஸின் மென்பொருள். பாட்டின் ஒலியிலிருந்து ஒரு கைரேகை எடுத்து, தரவுத்தளத்தில் அது யாருடையது என்று தேடி, டேகை மாற்றி எழுதும். நல்ல கருவிதான், ஆனால் மாமாவின் டிஸ்குக்கு அது சரிவராது. ஏன் என்று சொல்ல மாமாவின் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திண்டுக்கல்லில் அவர் ஒரு ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்புறம் பிறந்தவர்களுக்கு: பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, 60 அல்லது 90 கேசட் ஒன்றோடு கொடுத்தால், நாலு நாளில் அந்த வரிசையிலேயே பதிந்து தருவார்கள். கடையில் ரெக்கார்டும் மூலக் கேசட்டும் சுவர் முழுக்க இருக்கும். அந்தத் தொழில் படுத்த பிறகு, 2003-லிருந்து மாமா ஒரு கணினி வாங்கி, கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு எம்பி3 ஆக்கினார். உறையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து டேக் அடித்தார். ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளர், பாடியவர்கள் பெயர் பாட்டுத் தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள். இது முறையல்ல என்று சொல்பவர்கள் சொல்லலாம், இசையமைப்பாளருக்கு COMPOSER என்று தனி இடமே இருக்கிறது. ஆனால் தமிழ் சினிமாப் பாட்டைக் கேட்கிற ஆள் எப்படித் தேடுவாரோ அப்படித்தான் அவர் அடித்திருந்தார். அதை நான் குலைக்கவில்லை. COMPOSER இடத்திலும் அதே பெயரை நகலெடுத்ததோடு சரி.

கேசட்டுகளில் பெரும்பகுதி இப்போது இல்லை. பூஞ்சை பிடித்து நாடா ஒட்டிக்கொண்டது, வீடு மாறும்போது மூட்டையாகப் போய்விட்டது. ஆகவே அந்த உறைகளில் என்ன அச்சாகியிருந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி மாமா அடித்த டேகுகள்தான். பிக்கார்டு தரவுத்தளத்தில் இருப்பதைத்தான் எழுதும். உள்ளூரில் கேசட்டிலிருந்து பதிந்த பாட்டு, பின்னால் வந்த ஏதோ ஒரு தொகுப்பு ஆல்பத்தின் பாட்டோடு பொருந்திப் போனால், படத்தின் பெயர் போய் ‘ஹிட்ஸ்’ என்று வந்து உட்காரும். சரிபார்க்க மூலக் கேசட் கிடையாது. பத்து ஃபைலை நகலெடுத்து ஓட்டிப் பார்த்தேன். மூன்றில் இதுதான் நடந்தது. பிக்கார்டை மூடிவிட்டேன்.

கையால்தான் செய்ய வேண்டும் என்று ஆனதும், எம்பி3டேக் என்ற மென்பொருளில் டிஸ்க் முழுவதையும் ஏற்றினேன். டேக் திருத்துபவர்களுக்குப் பழக்கமான கருவி அது. முதல் வேலையாக எதையும் மாற்றாமல் எல்லா டேகையும் ஒரு சிஎஸ்வி ஃபைலாக வெளியே எடுத்தேன். எக்ஸ்போர்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அவ்வளவுதான். அதை விரிதாளில் திறந்து, ஆர்ட்டிஸ்ட் வாரியாக எண்ணச் சொன்னால் மேலே காட்டிய பட்டியல் வந்துவிடும். டிஸ்கை அப்படியே இன்னொரு டிஸ்குக்கு நகலெடுத்தும் வைத்தேன். 200 ஜிபிக்குக் கொஞ்சம் கூட, ஒரு ராத்திரி ஆனது.

பட்டியலைப் பார்த்ததும் முதலில் உறுத்தியது அந்த E. இளையராஜா என்பதற்கு ஆங்கிலத்தில் I போடாமல் 9,412 தடவை E போட்டிருக்கிறார். எந்த உறையில் அப்படி இருந்தது என்று கேட்டேன்.

“உறையில ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி இருக்கும்டா. நான் சொல்றபடி அடிச்சேன். எளையராஜா. நீ எப்படிச் சொல்ற?”

சொல்லிப் பார்த்தேன். நானும் எளையராஜா என்றுதான் சொல்கிறேன். இலை எலை ஆவது போல, இடம் எடம் ஆவது போல, பேச்சில் முதல் இகரம் அடுத்து அகரமோ ஐகாரமோ வந்தால் எகரமாக இறங்கிவிடும். தமிழ்நாட்டில் பெரும்பாலான வாய்களில் அப்படித்தான். மாமா காதில் விழுந்ததை அப்படியே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி, ஒன்றுகூட மாறாமல். மற்ற முப்பத்தாறு எழுத்துக்கூட்டல்களும் இணையத்திலிருந்தும், யாரோ கொடுத்த எம்பி3 சிடிகளிலிருந்தும் வந்தவை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரே பாட்டு டிஸ்கில் இரண்டு மூன்று தடவை இருக்கும்போது, எது மாமாவின் கேசட்டிலிருந்து வந்தது, எது எங்கிருந்தோ இறக்கிய 64 கேபிபிஎஸ் சரக்கு என்பதை அந்த E ஒன்றுதான் சொல்கிறது. ஃபைல் பெயர் சொல்லாது, ஃபோல்டரும் பல இடங்களில் கலந்துவிட்டது. எல்லாவற்றையும் அழகாக `Ilaiyaraaja` என்று மாற்றி முடித்தால் ஃபோனில் பட்டியல் ஒழுங்காகிவிடும், கடை காணாமல் போய்விடும்.

ஆகவே திருத்துவதற்கு முன்னால் பழையதைப் பத்திரப்படுத்த வேண்டும். ஐடி3 டேகில் நாமாகப் பெயர் வைத்து ஓர் இடம் உருவாக்கிக்கொள்ள அனுமதி உண்டு. `ARTIST_OLD` என்று வைத்தேன். எம்பி3டேகில் ‘ஃபார்மட் வேல்யூ’ என்ற செயல் இருக்கிறது. எந்த இடத்தில் எதை எழுத வேண்டும் என்று இரண்டு பெட்டி:

```
Field:          ARTIST_OLD
Format string:  %artist%
```

அதாவது ஆர்ட்டிஸ்ட் இடத்தில் இப்போது என்ன இருக்கிறதோ அதை அப்படியே பழைய பெயர் இடத்துக்கு நகலெடு. 41,316 ஃபைலுக்கும் ஒரே தடவை. அதற்குப் பிறகு ஆர்ட்டிஸ்டில் என்ன செய்தாலும், இரண்டு பெட்டியையும் மாற்றிப் போட்டால் பழையது திரும்பி வரும். இந்தச் செயலை ஒரே ஒரு தடவைதான் ஓட்டலாம் என்பதை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன். திருத்திய பிறகு இன்னொரு தடவை ஓட்டினால், திருத்தியதே பழையது ஆகிவிடும்.

சரி, எந்த எழுத்துக்கூட்டலுக்கு மாற்றுவது? `Ilaiyaraaja` என்று முடிவு செய்தேன். அந்த இரட்டை a பலருக்குப் பிடிக்காது. ஆனால் ஆங்கில விக்கிப்பீடியா அதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறது. நாளைக்கு யாராவது இந்த டிஸ்கை வேறொன்றோடு சேர்த்தால் அங்கேயும் பொருந்தும். இதில் சரி தவறு என்று எதுவும் கிடையாது, ஒரு முனையைத் தேர்ந்தெடுத்துவிட்டு எல்லாவற்றையும் அங்கே கட்டுவதுதான்.

இப்போது அந்த முப்பத்தேழு. கணினி தெரிந்தவர்கள் உடனே ரீஜெக்ஸ் என்பார்கள். ஒரு வடிவத்தை எழுதிக் கொடுத்தால் அதற்குப் பொருந்துகிற எல்லா எழுத்துக்கூட்டலையும் பிடிக்கும். நானும் எழுதினேன், எம்பி3டேகின் வடிகட்டியில்:

```
artist MATCHES "^[IE]l+a[iy]*a? ?r+a+j+a+h?$"
```

I அல்லது E-யில் தொடங்கி, l ஒன்றோ இரண்டோ, நடுவில் i, y எப்படி வந்தாலும், இடைவெளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடைசியில் h ஒட்டியிருந்தாலும் பிடி என்று அர்த்தம். இதில் முக்கியமானவை முதலில் இருக்கும் `^` குறியும் கடைசியில் இருக்கும் `$` குறியும். பெயர் இங்கேதான் தொடங்க வேண்டும், இங்கேயே முடிய வேண்டும் என்று வேலி போடுபவை. வேலி இல்லாவிட்டால் வேறு பெயரும் சேர்ந்திருக்கிற நீண்ட டேகுகளுக்குள் புகுந்து நடுவில் கையை வைக்கும். இன்னும் சோம்பேறித்தனமாக வெறும் `raja` என்று தேடினால் கார்த்திக் ராஜா, யுவன் சங்கர் ராஜா எல்லாரும் அப்பா பெயருக்கு மாறியிருப்பார்கள்.

இவ்வளவு கவனமாக எழுதின ரீஜெக்ஸையும் நான் மாற்றுவதற்குப் பயன்படுத்தவில்லை. கண்டுபிடிப்பதற்கு மட்டும்தான். மாற்றுவதற்கு ஒரு பட்டியல்: இடது பக்கம் டிஸ்கில் இருக்கிற எழுத்துக்கூட்டல் அப்படியே, வலது பக்கம் என்னவாக வேண்டுமோ அது. ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்து, ஒத்துக்கொண்ட பிறகுதான் அந்த வரிக்கு மட்டும் வடிகட்டி, தேர்ந்தெடுத்து, மாற்றினேன். ரீஜெக்ஸுக்குத் தெரியாத ஆள் வந்து மாட்டும்போது அது கேட்காது, மாற்றிவிட்டுப் போய்விடும். பட்டியலில் ஒரு வரி தவறினால் அந்த ஒரு வரியைத் திருப்பிப் போட்டால் போதும்.

அந்த 44 ‘Raja’ இதற்கு நல்ல உதாரணம். ரசிகர்கள் சுருக்கமாக ராஜா என்றுதான் சொல்வார்கள், ஆகவே எல்லாம் அவருடையவை என்று தோன்றும். ஒவ்வொன்றாகத் திறந்து ஆல்பம் பார்த்தேன். 29 அவருடையவைதான். 11 பாட்டுகளில் ஆல்பம் ‘கல்யாண பரிசு’ அல்லது ‘தேன் நிலவு’ என்று இருந்தது. ஒன்று 1959, இன்னொன்று 1961. இசை ஏ.எம்.ராஜா. மிச்சம் நாலு பாட்டில் வருடம் 1972, ஆல்பம் காலி. அது ஆள் பெயரே இல்லை, படத்தின் பெயர். சிவாஜி நடித்த ‘ராஜா’. இசை எம்.எஸ்.விஸ்வநாதன். யாரோ ஆல்பத்தில் போட வேண்டியதை ஆர்ட்டிஸ்டில் போட்டிருக்கிறார்கள். நாலெழுத்து, மூன்று வெவ்வேறு விஷயம்.

ஏ.எம்.ராஜா விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. பண்ணைப்புரத்திலிருந்து வந்தவருக்கு ராஜா என்ற பெயரை வைத்தவர் இசை சொல்லிக் கொடுத்த தன்ராஜ் மாஸ்டர். ‘அன்னக்கிளி’ வரும்போது, ஏற்கெனவே சினிமாவில் ஒரு ஏ.எம்.ராஜா இருக்கிறாரே என்று முன்னால் ‘இளைய’ சேர்த்தவர் பஞ்சு அருணாசலம். இரண்டு பேர் ஒரே பெயரில் மோதக்கூடாது என்பதற்காகவே போட்ட எழுத்துகள் அவை. ஐம்பது வருஷம் கழித்து மாமாவின் டிஸ்கில் யாரோ அதை வெட்டி எறிந்து, இரண்டு பேரையும் மறுபடியும் ஒரே பெட்டியில் தள்ளியிருந்தார்கள்.

‘அன்னக்கிளி’ 1976 என்பதால் அதுவே ஒரு சோதனையும் ஆனது. எல்லா வரியும் மாற்றி முடித்த பிறகு இப்படி வடிகட்டினேன்:

```
artist IS Ilaiyaraaja AND year LESS 1976
```

ஒன்றுமே வரக்கூடாது. பத்தொன்பது வந்தது. அவற்றில் பெரும்பாலானவை வருடம் அடிக்கும்போது விரல் தவறியவை. 1986 என்பது 1968 ஆகியிருந்தது. ஐந்து நிஜமாகவே வேறு ஆட்களின் பாட்டுகள், இறக்கிய இடத்திலேயே தப்பாக ஒட்டப்பட்டவை. இந்தச் சோதனை ஒரு திசையில்தான் வேலை செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். 1980-இல் வந்த சங்கர்-கணேஷ் பாட்டு ஒன்று அவர் பெயரில் இருந்தால் இதில் சிக்காது. அதைத் தெரிந்த காதுதான் பிடிக்கும். மாமாவின் காது நிறையப் பிடித்தது.

சங்கர்-கணேஷ் என்றதும் அடுத்த தொல்லை. பெயர்களுக்கு நடுவில் இருக்கும் கோடு, `&`, சாய்கோடு இவற்றையெல்லாம் வெட்டி இரண்டு ஆளாகப் பிரித்துவிடலாம் என்று ஒரு யோசனை வரும். பழைய ஐடி3 2.3 வடிவத்தில் சாய்கோடுதான் பெயர்களைப் பிரிக்கும் குறி. அதனால்தான் ஏசி/டிசி என்ற ராக் குழு சில பிளேயர்களில் ஏசி, டிசி என்று இரண்டாகிப் போவது உலகப் புகழ் பெற்றது. தமிழில் நமக்கு நம்முடைய ஏசி/டிசிக்கள் இருக்கிறார்கள். சங்கர்-கணேஷ் இரண்டு மனிதர்கள்தான், ஆனால் டேகில் அவர்கள் ஒரே பெயர். கணேஷைத் தனியாகத் தேடுகிறவர் யார்? அதே நேரம் ‘மெல்லத் திறந்தது கதவு’ (1986) டேகில் `MSV & Ilayaraja` என்று இருந்தது. அங்கே அவர்கள் இரண்டு பேர், ஒரு படத்துக்காகச் சேர்ந்தவர்கள். அந்தப் பாட்டுகள் இரண்டு பேர் பட்டியலிலும் வர வேண்டும். எம்பி3டேகில் நடுவில் `\\` போட்டால் இரண்டு தனி மதிப்பாக எழுதும். எந்தக் குறியைப் பார்த்தும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது, படத்தைத் தெரிந்தால்தான் உண்டு.

விஸ்வநாதன்-ராமமூர்த்தி இதைவிடச் சிக்கல். 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை இரண்டு பேரும் சேர்ந்து, அப்புறம் தனித்தனி. மாமாவே எல்லாவற்றுக்கும் `M.S.V` என்றுதான் அடித்திருந்தார். ‘கர்ணன்’ (1964) உட்பட. இதை `M. S. Viswanathan` என்று விரித்து எழுதினால் எழுத்துக்கூட்டல் சரியாகிவிடும், ராமமூர்த்தி காணாமல் போவார். ஏற்கெனவே காணாமல்தான் போயிருந்தார், நான் அதை அழகான எழுத்தில் உறுதி செய்திருப்பேன். ஆகவே 1965 வரையிலான எம்.எஸ்.வி. பாட்டுகளைத் தனியாக வடிகட்டி, படம் படமாக மாமாவோடு உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயின.

“ராமமூர்த்தி பேர நான் விட்டுட்டேனா?” என்று கேட்டார். “உறையிலயே பாதியில போட மாட்டான். நம்ம போட்டுருவோம்.”

‘ஆயிரத்தில் ஒருவன்’ இன்னொரு விதத்திலும் வம்பு செய்தது. 2010-இலும் அதே பெயரில் படம், ஜி.வி.பிரகாஷ் குமார் இசை. பிளேயர் ஆல்பத்தைப் பெயரை வைத்துத்தான் கட்டுகிறது. ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடம் காலியாக இருந்தால் எம்.ஜி.ஆர். படத்துப் பாட்டும் செல்வராகவன் படத்துப் பாட்டும் ஒரே அட்டைப்படத்துக்குக் கீழே வந்துவிடும். ‘பில்லா’ (1980, 2007) அதே கதை. ஆல்பம் பெயரில் கைவைக்காமல், ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர் பெயரை நிரப்பியதும் பிரிந்துவிட்டன. ஆல்பம் எழுத்துக்கூட்டலைத் திருத்த உட்காருகிறவர்கள் முதலில் இந்த இடத்தை நிரப்பிவிட்டுத் தொடங்குவது நல்லது. இல்லாவிட்டால் எழுத்து ஒன்றாக ஒன்றாக, தனியாக இருந்த படங்களும் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் மாற்றியாயிற்று, எம்பி3டேகில் முப்பத்தேழு ஒன்றாகிவிட்டது. ஆனால் மாமாவின் காரில் இருக்கும் பழைய ஸ்டீரியோவில் பெயர் மாறவே இல்லை. காரணம், ஒரு எம்பி3 ஃபைலில் ஒன்றுக்கு மேற்பட்ட டேக் இருக்கலாம். 1996-இல் வந்த முதல் ஐடி3, ஃபைலின் வாலில் ஒட்டும் 128 பைட். பிறகு வந்த இரண்டாவது பதிப்பு ஃபைலின் தலையில். சிலவற்றில் ஏப் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கும். பழைய ஸ்டீரியோ வாலை மட்டும் படிக்கிறது. எம்பி3டேகின் அமைப்புகளில் எதைப் படிக்க வேண்டும், எதை எழுத வேண்டும், எதை நீக்க வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். வாலையும் எழுதச் சொல்லி மறுபடி சேமித்ததும் கார் வழிக்கு வந்தது.

இந்த வால் டேகில் ஆர்ட்டிஸ்டுக்கு முப்பது எழுத்துதான் இடம். இறக்கிய ஃபைல்கள் சிலவற்றில் வால் மட்டும்தான் இருந்தது, அதில் பாடகர்கள் பெயர். `S. P. Balasubrahmanyam, S. Jan` என்று ஒரு ஆள் என் பட்டியலில் வந்தார். யார் இந்த ஜான் என்று எண்ணிப் பார்த்தால் சரியாக முப்பது எழுத்து. ஜானகியின் ‘கி’ உட்கார இடமில்லை. இது எழுத்துப்பிழை அல்ல, கத்தரி விழுந்தது. கண்டுபிடிப்பது சுலபம்:

```
"$len(%artist%)" IS 30
```

சரியாக முப்பது எழுத்து நீளமுள்ள பெயர்களெல்லாம் சந்தேகத்துக்குரியவை. அதில் நிஜமாகவே முப்பது எழுத்துள்ளவையும் வரும், பார்த்து விட்டுவிடலாம். வெட்டுப்பட்டவற்றில் மிச்சம் என்ன என்பதை யூகிக்கலாமே தவிர, ஃபைலிலிருந்து எடுக்க முடியாது. `S. Jan` ஜானகிதான் என்று எனக்குத் தெரியும். `P. S` என்று முடிந்த ஒன்றை பி.சுசீலாவா, பி.பி.ஸ்ரீனிவாஸா என்று பாட்டைக் கேட்டுத்தான் முடிவு செய்தேன். `P. B.` இல்லை, ஆகவே சுசீலா என்று காகிதத்திலேயே தீர்த்திருக்கலாம்தான். ஆனால் யாரோ ஒரு B-யை விட்டிருக்க மாட்டார்களா?

கொஞ்சம் ஃபைல்களில் பெயர் தமிழிலேயே இருந்தது. அங்கே பிழையே இருக்காது என்றுதான் நினைப்போம், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பட்டியலில் ‘மனோ’ அடுத்தடுத்து இரண்டு வரியில் வந்தார். ஒன்றில் 61 பாட்டு, இன்னொன்றில் 8. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரே மனோதான். விரிதாளில் நீளம் எண்ணச் சொன்னேன். ஒன்று மூன்று, ஒன்று நான்கு. ‘னோ’வில் இருக்கிற ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் வைக்கலாம் (U+0BCB), முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாகவும் வைக்கலாம் (U+0BC7, U+0BBE). திரையில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். பிளேயர் எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எந்தப் பெயருக்கும் இந்த ஆபத்து உண்டு. ‘ரோஜா’ ஆல்பமும் இரண்டாக இருந்தது. சிஎஸ்வியில் இருக்கும் பெயர்களை பைத்தானில் ஒரு வரி ஓட்டினால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்:

```
unicodedata.normalize("NFC", name)
```

இளையராஜா என்ற பெயரில் இந்தக் குறிகள் ஒன்றுமே இல்லை. தமிழில் எழுதினால் அவர் ஒருவராகத்தான் இருந்தார். முப்பத்தேழும் ஆங்கிலத்தின் வேலை.

முடித்து, மறுபடி எண்ணி, மெமரி கார்டில் ஏற்றி மாமாவிடம் கொடுத்தேன். பட்டியலில் ஒரே வரி, அவ்வளவு பாட்டும் அதற்குள். அவர் ஃபோனை வாங்கி, தேடும் இடத்தில் `ela` என்று அடித்தார். ஒன்றும் வரவில்லை.

“இப்ப மொத்தமா காணோம்” என்றார்.

அவர் விரல் இருபது வருஷமாக E-யில்தான் தொடங்குகிறது. பழைய பெயரை `ARTIST_OLD`-இல் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பதெல்லாம் உண்மை, ஆனால் ஃபோன் பிளேயர் அந்த இடத்தையெல்லாம் தேடுவதில்லை. தலைப்பு, ஆர்ட்டிஸ்ட், ஆல்பம் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறது. கருத்து எழுதும் இடத்தில் போட்டுப் பார்த்தேன், அதையும் தேடவில்லை. `Ilaiyaraaja (Elayaraja)` என்று ஆர்ட்டிஸ்டிலேயே இரண்டையும் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது முப்பத்தெட்டாவது எழுத்துக்கூட்டல்.

கடைசியில் செய்தது இது: டிஸ்கில் `Ilaiyaraaja`. மாமாவின் கார்டில் இருக்கிற நகலுக்கு மட்டும், அந்த ஒரு பெயரை மறுபடி `Elayaraja` என்று மாற்றி எழுதினேன். எல்லாம் ஏற்கெனவே ஒரே எழுத்துக்கூட்டலில் இருந்ததால் ஒரே வரி வேலை. இப்போது அவரிடம் ராஜா முழுசாக இருக்கிறார், E-யில். டிஸ்கில் புதிதாக ஏதாவது சேர்த்து கார்டுக்கு நகலெடுக்கும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. அரை மணி நேரம் பிடிக்கிறது, போகட்டும்.

பாடகர்கள் பக்கம் இன்னும் முடியவில்லை. சுசீலாவுக்கு மட்டும் பதினாறு வரி. அச்சடித்த பட்டியலை மாமாவிடம் காட்டிக்கொண்டிருந்தபோது, அவர் பழைய முப்பத்தேழின் பட்டியலையும் கேட்டு வாங்கி, விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்து நடுவில் ஓரிடத்தில் நின்றார். `Elayraja`. y-க்கு அப்புறம் a இல்லை. அதில் வெறும் 39 பாட்டு. நான் அதை விரல் தவறியது என்று எடுத்துக்கொண்டு, பிரதான வரியோடு சேர்த்திருந்தேன்.

“இது நான் அடிச்சதில்ல. நம்ம கடைப் பையன் அடிச்சது. கடைசி ரெண்டு மாசம் அவன்தான் உக்காந்து அடிச்சான். அவன் வேகமா அடிப்பான், அந்த a-வ எப்பவும் முழுங்கிருவான்.”

`ARTIST_OLD IS Elayraja` என்று வடிகட்டிப் பார்த்தேன். 39-உம் அப்படியே வந்தன. எல்லாம் இரண்டே படங்களின் கேசட்டுகளும் ஒரு சோகப்பாட்டுத் தொகுப்பும். பட்டியலில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்து, ‘அடித்தவர்’ என்று தலைப்பு போட்டு, அந்த வரிக்கு நேராக ‘கடைப் பையன்’ என்று எழுதினேன். மாமா சுசீலா வரிகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.